பாசிப்பருப்பின் விலை 160 ஆன கதை

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில், என்னிடம் கணினிக் கணக்கு படித்த பெண் ஒருத்தி பில் போடுகிறாள். ஒரு நாள் மதியம் போன் செய்தாள். குரலில் பதற்றம்.

"டீச்சர், ரேட் ஷீட்ல பாசிப்பருப்பு 120-ன்னு இருக்கு. பில்லுல 160-ன்னு விழுது. கோட் நம்பரை அழிச்சுட்டுத் திரும்ப அடிச்சுட்டேன். ஃபைலை மூடித் திறந்தும் பார்த்துட்டேன். அதேதான் வருது. வைரஸா இருக்குமோன்னு அண்ணாச்சி கேட்கிறாரு."

"மத்த சரக்குக்கெல்லாம் விலை சரியா வருதா?" என்றேன்.

"எல்லாம் சரியா வருது டீச்சர். துவரை சரி, உளுந்து சரி, சர்க்கரை சரி. இது ஒண்ணுதான் மக்கர் பண்ணுது."

இது ஒன்றுதான் என்று அவள் சொன்னபோதே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பில் ஷீட்டில் விலை விழும் செல்லில் போய் நின்று, மேலே தெரியும் ஃபார்முலாவை அப்படியே வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். கடைசியில் "கமா மூணு, பிராக்கெட் குளோஸ்" என்று முடித்தாள். மூன்றுக்குப் பிறகு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். வைரஸ் இல்லை, எக்ஸெல்லும் பழுதாகவில்லை. தனக்குச் சொல்லப்பட்ட வேலையை அது பிசகாமல் செய்துகொண்டிருந்தது. அது எந்த வேலை என்பது மட்டும் பில் போடுகிறவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கடையின் ரேட் ஷீட்டில் ஏறக்குறைய 180 சரக்குகள் உண்டு. நடந்தது புரிவதற்காக அதை ஏழு வரிகளாகச் சுருக்கி, விலையையும் முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன். இடது ஓரத்தில் இருப்பது ஷீட்டின் வரி எண். அடுத்து கோட் எண், சரக்கின் பெயர், கிலோ விலை.

```
      A      B                  C
2    105    துவரம் பருப்பு      160
3    112    உளுந்து             135
4    108    பாசிப்பருப்பு       120
5    120    கடலைப்பருப்பு        95
6    131    கொண்டைக்கடலை       110
7    127    பட்டாணி              85
8    140    சர்க்கரை             45
```

பில் ஷீட்டில் விலையை எடுத்துவரும் ஃபார்முலா இது:

```
=VLOOKUP(A2,Rates!$A$2:$C$8,3)
```

A2-வில் இருக்கும் கோட் எண்ணை எடு, Rates ஷீட்டில் அதைத் தேடு, கிடைத்த வரியில் மூன்றாவது கட்டத்தில் இருக்கும் விலையைக் கொண்டுவா. படிக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் புரிந்துகொள்வார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் புரிந்துகொண்டேன். ஆனால் VLOOKUP-க்கு நான்காவதாக ஒரு விவரமும் உண்டு. எழுதிய எண் அப்படியே கிடைத்தால்தான் எடுக்க வேண்டுமா, கிட்டத்தட்டப் பொருந்துவதையும் எடுக்கலாமா என்பதை அந்த இடத்தில் சொல்ல வேண்டும். FALSE என்றால் அப்படியே பொருந்த வேண்டும். TRUE என்றால் கிட்டத்தட்டப் பொருந்தினால் போதும். ஒன்றுமே எழுதாமல் விட்டால் எக்ஸெல் அதை TRUE என்று எடுத்துக்கொள்ளும்.

'கிட்டத்தட்ட' என்பதற்கு எக்ஸெல் வைத்திருக்கும் பொருளும் திட்டமானது: தேடும் எண்ணே இருந்தால் அது, இல்லாவிட்டால் அதைவிடச் சிறிய எண்களில் பெரியது. இதைச் செய்ய அது ஒரு நிபந்தனை வைக்கிறது. பட்டியலின் முதல் கட்டம் சிறியதிலிருந்து பெரியதாக, ஏறுவரிசையில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனை உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. ஆனால் ஃபார்முலா ஓடும்போது பட்டியல் உண்மையிலேயே வரிசையில் இருக்கிறதா என்று எக்ஸெல் ஒருபோதும் பார்ப்பதில்லை. நாம் வரிசைப்படுத்தி வைத்திருப்போம் என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடுகிறது.

ஏன் நம்ப வேண்டும், எல்லா வரியையும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று தோன்றும். நாம் அகராதி பார்க்கும் விதத்தை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கும். 'மரம்' என்ற சொல்லைத் தேடும்போது முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக யாரும் வாசித்துக்கொண்டு வருவதில்லை. நடுவில் பிரிக்கிறோம். 'த' வந்தால், 'ம' இதற்குப் பின்னால்தான் என்று முன்பாதியை அப்படியே விட்டுவிடுகிறோம். மீதியை மறுபடி நடுவில் பிரிக்கிறோம். நாலைந்து புரட்டலில் பக்கம் வந்துவிடுகிறது. கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேடும்போது எக்ஸெல் செய்வதும் இதுவே. ஒவ்வொரு பார்வையிலும் பாதிப் பட்டியல் கழிந்துவிடுவதால் 180 சரக்கில் ஒன்றைப் பிடிக்க எட்டுப் பார்வை போதும். பத்து லட்சம் வரி இருந்தாலும் இருபது பார்வையில் வேலை முடிந்துவிடும்.

இப்போது அந்த அகராதியின் தாள்கள் கழன்று, யாரோ கைக்கு வந்தபடி சேர்த்துத் தைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடுவில் பிரித்து 'த' என்று பார்த்து, முன்பாதியை ஒதுக்குகிறீர்கள். 'மரம்' அந்த ஒதுக்கிய பாதிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இனி எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது. மனிதராக இருந்தால் ஏதோ தவறு என்று உணர்ந்து முதலிலிருந்து தேடுவோம். எக்ஸெல், தேடல் எந்த இடத்தில் நின்றதோ அந்த வரியின் விலையைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

பாசிப்பருப்புக்கு நடந்தது இதுதான். ஒவ்வொரு அடியாகப் பார்ப்போம். தேடும் எண் 108. இரண்டாவது வரியிலிருந்து எட்டாவது வரை ஏழு வரிகள், நடுவில் இருப்பது ஐந்தாவது வரி. அங்கே 120. தேடுவதைவிடப் பெரியது, ஆகவே கீழே இருக்கும் வரிகள் எல்லாம் தள்ளுபடி. மிஞ்சியது இரண்டு, மூன்று, நான்கு. அவற்றின் நடு மூன்றாவது வரி. அங்கே 112. இதுவும் பெரியது, ஆகவே மூன்றும் அதற்குக் கீழே உள்ள நான்கும் கழிந்தன. மிஞ்சியது இரண்டாவது வரி மட்டும். அங்கே 105. அது 108-ஐ விடச் சிறியது. இனிப் பார்க்க வரி இல்லை. சிறியவற்றில் பெரியது இதுதான் என்று முடிவு கட்டி, 105-இன் விலையான 160-ஐ எடுத்து நீட்டியது. 108 நான்காவது வரியில், 112-க்கு நேர் கீழே இருந்தது. எக்ஸெல் அந்த வரியைத் தொடவே இல்லை. பாசிப்பருப்பு துவரம் பருப்பின் விலைக்குப் போனது.

இதே பட்டியலில் 105-ஐத் தேடிப் பாருங்கள். 120, பிறகு 112, பிறகு 105. சரியான விலை. 112-ஐத் தேடினால் இரண்டாவது பார்வையிலேயே கிடைத்துவிடும். 120 முதல் பார்வையிலேயே. 127-உம் 140-உம் சரியாகவே வரும். ஏழில் ஐந்து சரி. தேடல் போகும் வழியில் நிற்கும் எண்களுக்கு ஒரு குறையும் இல்லை. வழியிலிருந்து ஒதுங்கிப்போன எண்களுக்குத்தான் ஆபத்து. "மத்ததெல்லாம் சரியா வருது டீச்சர்" என்று அவள் சொன்னது முழு உண்மை. அந்த உண்மைதான் அவளை ஏமாற்றியது. ஃபார்முலா தவறாக இருந்தால் எல்லாமே தவறாக வர வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம்.

ஐந்து சரி என்றால் மிச்சம் இரண்டு. பாசிப்பருப்பு ஒன்று. இன்னொன்று எது?

அவளிடம் 131 அடிக்கச் சொன்னேன். கொண்டைக்கடலை. விலை 85 என்று விழுந்தது. ரேட் ஷீட்டில் 110. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தேடல் போன வழி இது: ஐந்தாவது வரியில் 120, சிறியது, கீழே போ. ஏழாவது வரியில் 127, இதுவும் சிறியது, கீழே போ. எட்டாவது வரியில் 140, பெரியது. எனவே 127-உடன் நின்றுவிட்டது. 127 பட்டாணி. கொண்டைக்கடலை பட்டாணி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. 131 இருந்த ஆறாவது வரியை எக்ஸெல் பார்க்கவில்லை.

கிலோவுக்கு 25 ரூபாய் குறைவு. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 1,250 ரூபாய். பாசிப்பருப்புத் தவறு வெளியே வந்ததற்குக் காரணம், கிராமத்திலிருந்து சரக்கெடுக்க வந்த ஒரு சில்லறைக் கடைக்காரர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றதுதான். கொண்டைக்கடலையைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போனவர் யாரும் திரும்பி வந்து, அண்ணாச்சி, எனக்கு விலை குறைவாகப் போட்டுவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. கூடுதலாகப் போன பில்லை வாடிக்கையாளர் பிடித்துக்கொடுப்பார். குறைவாகப் போன பில்லைப் பிடிப்பதற்குக் கடையில் யாருமில்லை. பத்து நாளாக அது போய்க்கொண்டிருந்தது.

பத்து நாள் என்று எப்படித் தெரியும்? அதற்கு முன்பு பட்டியல் ஒழுங்காகத்தான் இருந்தது. 105, 108, 112, 120, 127, 131, 140 என்று கோட் எண் ஏறுவரிசையில். அப்போதும் ஃபார்முலாவில் நான்காவது விவரம் இல்லை, ஆனால் பட்டியல் வரிசையில் இருந்ததால் எல்லா விலையும் சரியாக வந்தது. காலையில் ரேட் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக் குடோனில் ஒட்டுவது அந்தக் கடையின் வழக்கம். மூட்டை அடுக்கியிருக்கும் வரிசையும் ஷீட்டின் வரிசையும் ஒன்றாக இருந்தால் பையன்களுக்கு வசதி என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அவளும் சில வரிகளை வெட்டி இடம் மாற்றியிருக்கிறாள். விலையைத் தொடவில்லை, ஃபார்முலாவைத் தொடவில்லை. அவள் செய்ததில் யாரும் குறை சொல்ல முடியாது. இடம் மாற்றிய அன்று அதையும் பில்லில் வரும் தவறையும் இணைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. பல வருடம் சரியாக ஓடிய ஃபார்முலா, வேறொரு ஷீட்டில் நடந்த ஒரு நல்ல காரியத்தால் பொய் சொல்லத் தொடங்கியது.

எழுதாமல் விட்டால் TRUE என்று ஏன் வைத்தார்கள் என்ற கேள்வியை மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1979-இல் வெளிவந்த விசிகால்க் என்ற மென்பொருள்தான் இன்றைய எக்ஸெல்லுக்கெல்லாம் முன்னோடி. டான் பிரிக்ளினும் பாப் பிராங்க்ஸ்டனும் உருவாக்கியது. அதில் LOOKUP என்று ஒரு வசதி இருந்தது. தம்முடைய வருமான வரிக் கணக்கை அதிலேயே போட்டுப் பார்ப்பதற்காக அதைச் சேர்த்ததாக பிராங்க்ஸ்டன் எழுதியிருக்கிறார். வரி அட்டவணையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் டாலருக்கும் ஒரு வரி இருக்காது. இத்தனையிலிருந்து இத்தனை வரை இந்த விகிதம் என்று படிப்படியாக இருக்கும். அங்கே வருமானம் எந்தப் படியில் விழுகிறது என்று பார்ப்பதுதான் வேலை, கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேடுவதுதான் சரியான வழி. 1985-இல் மெக்கின்டாஷுக்கு எக்ஸெல் வந்தபோது VLOOKUP அதில் இருந்தது. படி பார்க்கும் அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் இதே கதைதான், நான்காவது விவரத்தை விட்டால் பட்டியல் வரிசையில் இருப்பதாகவே அவையும் எடுத்துக்கொள்ளும்.

சரக்குக் கோட், மாணவர் பதிவு எண், பி.எஃப். எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றுக்குக் கிட்டத்தட்ட என்ற பேச்சே கிடையாது. 108 என்றால் 108. அதற்கு எழுத வேண்டியது இப்படி:

```
=VLOOKUP(A2,Rates!$A$2:$C$8,3,FALSE)
```

FALSE என்பதற்குப் பதில் 0 போட்டாலும் ஒன்றே. இப்படி எழுதிவிட்டால் பட்டியல் எந்த வரிசையில் இருந்தாலும் கவலையில்லை. அண்ணாச்சி மூட்டையை எப்படி அடுக்கினாலும் பாசிப்பருப்பு 120-தான்.

பட்டியலை வரிசைப்படுத்திவிட்டால் போதாதா, ஃபார்முலாவை ஏன் மாற்ற வேண்டும் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. வரிசைப்படுத்தினால் ஏழு சரக்குக்கும் விலை சரியாக வரும். ஆனால் அவசரத்தில் 112-க்குப் பதிலாக 118 என்று அடித்தால் என்ன ஆகும்? 118 என்று ஒரு சரக்கே இல்லை. வரிசையாக இருக்கும் பட்டியலில் எக்ஸெல் 112-இன் விலையைக் கொண்டுவந்து வைக்கும். கலைந்த பட்டியலிலோ 108-இன் விலையை வைக்கும். இரண்டிலும் இல்லாத சரக்குக்கு ஒரு விலை கிடைத்துவிடுகிறது. FALSE போட்டிருந்தால் #N/A என்று வந்து, எண் தவறு என்பது அந்த நொடியே தெரிந்திருக்கும். பட்டியலின் எல்லா எண்ணையும்விடச் சிறியதாக, 101 என்று எதையாவது அடித்தால்தான் TRUE-வும் #N/A காட்டும். மற்றபடி அது எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

FALSE எழுதத் தெரிந்தவர்களே அதை எடுத்துவிடுவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். FALSE போட்டதும் நாலைந்து இடத்தில் #N/A வருகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மேலதிகாரி கேள்வி கேட்பார் என்று பயம். யாரோ அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எடுத்ததும் #N/A எல்லாம் மறைந்து விலைகள் வந்துவிடுகின்றன. சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தரும் இடம் இது. அந்த #N/A, இந்த எண் பட்டியலில் இல்லை என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைத்துவிட்டு, பக்கத்து வரியின் விலையை வாங்கிக்கொள்கிறோம்.

கண்ணுக்கு எண் இருப்பது தெரிகிறதே, பிறகும் #N/A ஏன் என்றால், பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் 108 எண்ணாகவும் இன்னொரு பக்கம் எழுத்தாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். வேறு மென்பொருளிலிருந்து எடுத்துவந்த பட்டியலில் இது சகஜம். செல்லின் மேல் மூலையில் ஒரு சின்னப் பச்சை முக்கோணம் காட்டிக்கொடுக்கும். அதைத் தொட்டு Convert to Number கொடுத்தால் தீர்ந்தது. பெயரை வைத்துத் தேடுகிறீர்கள் என்றால், பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். TRIM போட்டால் போய்விடும். இரண்டும் இரண்டு நிமிட வேலை.

FALSE போட முடியாத இடமும் அதே கடையில் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே வரிசையைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. மூட்டை எண்ணிக்கைக்கு ஏற்பத் தள்ளுபடி தரும் பட்டியல் அது. 10 மூட்டைக்கு மேல் ஒரு சதவீதம், 25-க்கு மேல் இரண்டு என்று ஏறும். 83 மூட்டை வாங்குகிறவருக்கு 83 என்று ஒரு வரி பட்டியலில் இருக்காது. எனவே கிட்டத்தட்டத் தேடுவதே முறை. அண்ணாச்சி இடையில் 75 மூட்டைக்கு மூன்றரை சதவீதம் என்று ஒரு புதுப் படி சொல்லியிருக்கிறார். அவள் அதைப் பட்டியலின் அடியில் சேர்த்திருந்தாள். எல்லோரும் செய்வதுதான், புதியதை அடியில் எழுதுவதுதானே நம் வழக்கம்.

```
      A      B
2      0    0
3     10    1
4     25    2
5     50    3
6    100    4
7    200    5
8     75    3.5
```

80 மூட்டை வாங்கியவருக்கு மூன்றரை கிடைக்க வேண்டும். தேடல் 50-ஐப் பார்த்துக் கீழே போகிறது, 200-ஐப் பார்த்து மேலே திரும்புகிறது, 100-ஐப் பார்க்கிறது, அதுவும் பெரியது. 50-உடன் நின்று மூன்று சதவீதம் தருகிறது. புதுப் படி இருந்தும் அவருக்கு இல்லாததுபோலத்தான். இதைவிட மோசம் பெரிய வாடிக்கையாளருக்கு நடந்தது. 250 மூட்டை என்று போட்டால் 50, பிறகு 200, இரண்டும் சிறியவை என்று கடைசி வரிக்குப் போகிறது. அங்கே 75. அதுவும் 250-ஐ விடச் சிறியதுதான். எனவே மூன்றரை. ஐந்து சதவீதம் கிடைக்க வேண்டியவருக்கு மூன்றரை. 150 மூட்டை வாங்கியவருக்கோ நான்கு. அதிகம் வாங்கியவருக்குக் குறைந்த தள்ளுபடி. ஒரு வரியை அடியில் சேர்த்ததால் கடையின் மிகப் பெரிய வாடிக்கையாளர்தான் பாதிக்கப்பட்டார். அவருடைய பில்லில் தொகை லட்சங்களில் இருந்ததால் சதவீதத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

இங்கே செய்ய வேண்டியது, 75-ஐ 50-க்கும் 100-க்கும் நடுவில் ஒரு வரி நுழைத்து எழுதுவது. அல்லது கடைசியில் சேர்த்துவிட்டு முழுப் பட்டியலையும் தேர்ந்தெடுத்து ஏறுவரிசைப்படுத்துவது. அப்படிச் செய்யும்போது ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். மற்றக் கட்டங்களையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று எக்ஸெல் கேட்கும். வேண்டாம் என்று சொன்னால் எண்கள் மட்டும் நகர்ந்து, விலையும் சதவீதமும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். அது முதல் தவறைவிடப் பெரிய தவறு.

கொஞ்சம் புதிய எக்ஸெல் இருந்தால் XLOOKUP என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதை 2019-இல் அறிவித்தது. எக்ஸெல் 2021-லும் மைக்ரோசாஃப்ட் 365-லும் உண்டு, 2019 பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் கிடையாது. அதில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அப்படியே பொருந்துவதைத்தான் தேடும். படிப் பட்டியலுக்கு இப்படி எழுதலாம்:

```
=XLOOKUP(B2,Slab!$A$2:$A$8,Slab!$B$2:$B$8,,-1)
```

கடைசியில் உள்ள -1, இல்லாவிட்டால் அடுத்த சிறியதை எடு என்று சொல்கிறது. இது பாதி பாதியாகக் கழிக்காமல் எல்லா வரியையும் பார்ப்பதால் பட்டியல் கலைந்திருந்தாலும் 250 மூட்டைக்கு ஐந்துதான் வரும். ஆனால் கடைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் இன்னும் ஓடுவது பழைய பதிப்புகள்தான். ஒரு ஃபைலை எழுதியவர் ஊரை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், ஃபார்முலா மட்டும் உழைத்துக்கொண்டிருக்கும். ஆகவே VLOOKUP-ஐச் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். MATCH-உம் மூன்றாவது விவரத்தை விட்டுவிட்டால் இதே வழியில்தான் தேடும். வெறும் LOOKUP-இல் அப்படியே பொருந்தவேண்டும் என்று சொல்ல இடமே இல்லை.

சோதனைக்கு அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டை இங்கேயும் தருகிறேன். முதலாவது, பட்டியல் கலைந்திருக்கிறதா என்று பார்ப்பது. ரேட் ஷீட்டில் காலியாக இருக்கும் D கட்டத்தில், மூன்றாவது வரியில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=IF(A3>A2,"","பார்")
```

நம் ஏழு வரிப் பட்டியலில் நான்காவது வரியிலும் ஏழாவது வரியிலும் 'பார்' என்று வரும். கவனியுங்கள், ஏழாவது வரியில் இருப்பது 127, பட்டாணி. அதற்கு விலை சரியாகத்தான் வருகிறது. தவறாக வருவது அதற்கு மேலே உள்ள கொண்டைக்கடலைக்கு. இந்தச் சோதனை வரிசை உடைந்த இடத்தைத்தான் காட்டும், எந்தச் சரக்கு பாதிக்கப்பட்டது என்று காட்டாது. ஒரு இடத்தில் 'பார்' வந்தாலும் முழுப் பட்டியலையும் சந்தேகப்பட வேண்டும்.

பாதிக்கப்பட்டது எது என்று தெரிய இரண்டாவது சோதனை. பில் ஷீட்டில் பக்கத்துக் கட்டத்தில், விலையைக் கேட்பதற்குப் பதிலாகக் கோட் எண்ணையே கேளுங்கள். மூன்று இருந்த இடத்தில் ஒன்று, அவ்வளவுதான்.

```
=VLOOKUP(A2,Rates!$A$2:$C$8,1)
```

எக்ஸெல் எந்த வரியில் போய் நின்றது என்பது இதில் வெளிச்சமாகிவிடும். 108 கேட்டால் 105 என்று வரும், 131 கேட்டால் 127 என்று வரும். கேட்ட எண்ணும் வந்த எண்ணும் வேறாக இருக்கும் வரிகள் எல்லாம் தவறான விலை விழுந்த வரிகள். பழைய பில்களின் ஷீட் பத்திரமாக இருந்தால் அதிலும் இதைப் போட்டு, எந்தப் பில்லில் எவ்வளவு தவறியது என்று எண்ணிவிடலாம்.

அவள் அன்று இரவு கடை மூடிய பிறகு உட்கார்ந்து பத்து நாள் பில்லையும் இப்படி ஓட்டிப் பார்த்தாள். பாசிப்பருப்புக்கு அதிகம் வாங்கிய பணத்தை அண்ணாச்சி அடுத்த பில்லில் கழித்துக்கொடுத்தார். தள்ளுபடி குறைந்துபோன பெரிய வாடிக்கையாளருக்கும் அப்படியே. கொண்டைக்கடலையில் விட்டதை யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவளே எல்லா ஷீட்டிலும் Ctrl+F போட்டு VLOOKUP என்று தேடி, கோட் எண்ணை வைத்துத் தேடும் ஒவ்வொன்றின் வாலிலும் FALSE சேர்த்தாள். தள்ளுபடிப் பட்டியலில் மட்டும் TRUE வைத்து, பக்கத்தில் 'பார்' சோதனையை நிரந்தரமாக விட்டுவைத்தாள்.

உங்கள் கடையிலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ இப்படி ஒரு ஃபைல் ஓடிக்கொண்டிருந்தால், இன்று அதைத் திறங்கள். விலையோ மதிப்பெண்ணோ சம்பளமோ விழும் ஒரு செல்லில் நின்று, மேலே ஃபார்முலாவின் கடைசியைப் பாருங்கள். FALSE-உம் இல்லாமல் 0-உம் இல்லாமல் முடிந்திருந்தால், அந்தப் பட்டியலில் கடைசியாக யார் எந்த வரியை நகர்த்தினார்கள் என்று விசாரியுங்கள். பிறகு மூன்றை ஒன்றாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.